விலை மாறாத நாளும் விலை வராத நாளும்

எரிபொருள் விலை வரைபடம் என்பது தேதிகளின் வரிசையில் விலைகளை வைத்து இழுத்த கோடு. செய்தித் தளங்களிலும் கைபேசிச் செயலிகளிலும் காணும் இத்தகைய கோடுகளை இன்று யாரும் கையால் வரைவதில்லை. குறித்த நேரத்தில் ஒரு நிரல் தானாக ஓடுகிறது. விலையை வெளியிடும் இடத்துக்குப் போய் அங்குள்ள எண்ணை எடுத்துவருகிறது. கோட்டின் நுனியில் ஒரு புள்ளியைச் சேர்த்துவிட்டு மறுநாள் வரை ஓய்கிறது. புதிய விலை வரும் நாளில் இதில் சிக்கல் ஏதும் இல்லை. போன இடத்தில் புதிதாக ஒன்றுமே இல்லாத நாளில் அந்த நிரல் என்ன செய்கிறது என்பதை வைத்துத்தான் ஒரு வரைபடத்தை நம்பலாமா கூடாதா என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

‘புதிதாக ஒன்றும் இல்லை’ என்பது பார்வைக்கு ஒரே நிலைபோலத் தோன்றினாலும் அதற்குள் நான்கு வெவ்வேறு நிலைகள் இருக்கின்றன. விலையைத் தீர்மானிப்பவர்கள் நேற்றைய விலையே இன்றும் தொடரட்டும் என்று விட்டிருக்கலாம். அன்று சந்தையே மூடியிருக்கலாம். சந்தை நடந்திருந்தும் விலையை வெளியிடும் நிறுவனம் இன்னும் வெளியிடாமல் இருக்கலாம். வெளியிட்ட பிறகும், இணைப்புக் கோளாறால் நிரல் அதை எடுக்காமல் திரும்பியிருக்கலாம். மழைமானியில் நீர் இல்லை என்று பதிவேட்டில் எழுதுவதும், அன்று மழைமானியை யாரும் பார்க்கவே இல்லை என்று எழுதுவதும் ஒன்றல்ல. விலை வரைபடத்திலும் இந்த வேறுபாடு முக்கியமானது. ஆனால் பெரும்பாலான நிரல்கள் நான்கையும் ஒன்றாகக் கருதி, நேற்றைய எண்ணை இன்றைய தேதிக்கு எதிரே எழுதிவிடுகின்றன.

முதல் நிலைக்கு இந்திய பெட்ரோல் விலையைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. 2017 ஜூன் நடுப்பகுதி வரை பெட்ரோல், டீசல் விலைகள் மாதத்தின் 1ஆம் தேதியும் 16ஆம் தேதியும் திருத்தப்பட்டு வந்தன. அந்த ஆண்டு மே மாதம் புதுச்சேரி, விசாகப்பட்டினம், உதய்ப்பூர், ஜாம்ஷெட்பூர், சண்டிகர் ஆகிய ஐந்து நகரங்களில் அன்றாடத் திருத்தம் வெள்ளோட்டம் பார்க்கப்பட்டது. ஜூன் 16 முதல் நாடு முழுவதும் நாள்தோறும் காலை 6 மணிக்கு அன்றைய விலை நடைமுறைக்கு வருகிறது. நாள்தோறும் திருத்தலாம் என்பதுதான் ஏற்பாடு. நாள்தோறும் மாறியே தீரும் என்பது இல்லை. மாறாமல் கிடந்த காலங்கள் மிக நீளமானவை. 2021 நவம்பர் 4ஆம் தேதி மத்திய அரசு பெட்ரோல் மீதான கலால் வரியை லிட்டருக்கு 5 ரூபாயும் டீசல் மீது 10 ரூபாயும் குறைத்தது. சென்னையில் பெட்ரோல் 101 ரூபாய் 40 காசுக்கு வந்தது. அதன்பிறகு 137 நாள்கள் விலை அசையவில்லை. உலகச் சந்தையில் பிரென்ட் கச்சா எண்ணெய் மார்ச் 7ஆம் தேதி வணிகத்தின் நடுவே பீப்பாய்க்கு 139 டாலரைத் தொட்டபோதும் சென்னை பங்க்கில் அதே 101.40தான். 2022 மார்ச் 22ஆம் தேதி காலை அது 102.16 ஆனது. அன்றிலிருந்து ஏப்ரல் 6 வரையிலான 16 நாள்களில் 14 முறை விலை ஏறி, 110.85இல் போய் நின்றது.

இப்படிப்பட்ட விலைக்கு ஒரு தனி இயல்பு உண்டு. அது சந்தையில் நொடிதோறும் உருவாகும் விலை அல்ல. அறிவிக்கப்பட்டு, அடுத்த அறிவிப்பு வரை ஆட்சியில் இருக்கும் விலை. நவம்பர் 4ஆம் தேதி அறிவித்த விலைதான் டிசம்பர் 10ஆம் தேதியும், பொங்கலன்றும், ஞாயிற்றுக்கிழமைகளிலும் வண்டிக்காரர் கொடுத்த விலை. ஆகவே இங்கே நேற்றைய எண்ணை இன்றைக்கும் நீட்டுவது பொய்யாகாது. மாறாத விலையும் ஒரு விலைதான்; அது அன்றைய நாளின் உண்மை.

இந்த இயல்புக்கு ஏற்ற கோடு படிக்கட்டுக் கோடு. ஒரு விலை இருக்கும்வரை கிடைமட்டமாகப் போய், மாறும் நாளில் நேர்க்குத்தாக ஏறியோ இறங்கியோ மீண்டும் கிடைமட்டமாகப் போகும் கோடு. வரைபட மென்பொருள்கள் இதைத் தாமாகச் செய்வதில்லை. இரண்டு புள்ளிகளைக் கொடுத்தால் நேர்க்கோட்டால் இணைப்பதே அவற்றின் வழக்கம். சென்னையில் 2022 மே 22ஆம் தேதி பெட்ரோல் 102.63 ஆனது; அடுத்த பெரிய மாற்றமாக 2024 மார்ச் 15ஆம் தேதி 100.75க்கு இறங்கியது. இடையில் கிட்டத்தட்ட 22 மாதங்கள். இடத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணி, மாறிய நாள்களை மட்டும் பதிந்து வைத்த ஒருவர் இந்த இரண்டு புள்ளிகளையும் சாதாரணக் கோட்டால் இணைத்தால், விலை இரண்டு ஆண்டுகளாக மெல்ல மெல்ல இறங்கியதைப்போல ஒரு சரிவு தெரியும். கோட்டின் நடுவில் விரலை வைத்தால் 101.69 என்று காட்டும். அந்த விலைக்கு அந்தக் காலத்தில் ஒரு லிட்டர்கூட விற்கப்படவில்லை. படிக்கட்டுக் கோடாக மாற்றினால் 102.63 நேராகப் போய், ஒரே நாளில் ஒரு ரூபாய் 88 காசு இறங்கும். நடந்தது அதுதான்.

விலை மாறாத காலம் இன்னொரு ஆபத்தையும் தருகிறது. அதுதான் மற்றதைவிடப் பெரியது. 137 நாள்கள் நேராகப் போகும் கோட்டைப் பார்ப்பவருக்கு, விலை மாறவில்லையா, நிரல் செத்துப்போய்விட்டதா என்று தெரிய வழியில்லை. இரண்டும் ஒரே கோட்டைத்தான் வரையும். டிசம்பர் நடுவில் மூல இடத்தின் முகவரி மாறி, நிரல் எதையும் எடுக்க முடியாமல் போயிருந்தாலும், அது நேற்றைய 101.40ஐ இன்றைக்கும் எழுதிக்கொண்டே போயிருக்கும். எண்ணும் சரியாகவே இருந்திருக்கும். மார்ச் 22ஆம் தேதி விலை 76 காசு ஏறும்போதுதான் குட்டு வெளிப்படும். மக்கள் விலையை மிக ஆவலோடு பார்க்க வரும் அந்த ஒரு நாளில் வரைபடம் பொய் சொல்லும்.

இது வெறும் கற்பனை அச்சம் இல்லை. இத்தகைய வரைபடங்களைச் சொந்த முயற்சியில் நடத்தும் பலர் நிரலைக் ‘கிட்ஹப்’ தளத்தில் வைத்து, அங்குள்ள இலவசக் கால அட்டவணை வசதியால் ஓட்டுகிறார்கள். எல்லோரும் பார்க்கத்தக்க களஞ்சியமாக இருந்து, அதில் 60 நாள்களாக எந்தச் செயல்பாடும் இல்லையென்றால், கால அட்டவணைப்படி ஓடும் வேலைகளை அந்தத் தளம் தானாகவே நிறுத்திவிடும். விலை மாறினால் மட்டும் கோப்பைச் சேமி, மாறாவிட்டால் ஒன்றும் செய்யாதே என்று எழுதுவது சிக்கனமான, நேர்த்தியான நிரல்போலத் தோன்றும். அப்படி எழுதப்பட்டு, சென்னை விலையை மட்டும் கவனிக்கும் ஒரு நிரல் 2021 நவம்பர் 4ஆம் தேதி கடைசியாகக் கோப்பைச் சேமித்திருந்தால், அதன்பின் வேறு யாரும் அந்தக் களஞ்சியத்தைத் தொடாத நிலையில், 2022 ஜனவரி முதல் வாரத்தோடு அதன் ஆயுள் முடிந்திருக்கும். மார்ச் 22ஆம் தேதி காலையில் அங்கே ஓடுவதற்கு ஒன்றும் இருந்திருக்காது. விலை மாறாததே நிரலைக் கொன்றுவிடுகிறது.

இதற்கான மருந்து எளியது. விலையைப் பதிவது வேறு, பார்த்ததைப் பதிவது வேறு என்று பிரிப்பதுதான் அது. ஒவ்வொரு முறையும் நிரல் ஓடியதும், விலை மாறினாலும் மாறாவிட்டாலும் ஒரு வரி எழுத வேண்டும். எந்த நாளின் விலை, எவ்வளவு, எப்போது பார்க்கப்பட்டது, என்ன நிலை என்ற நான்கு செய்திகள் அதில் போதும். மாதிரிக்கு, நடுவில் ஒருநாள் இணைப்பு அறுந்ததாக வைத்துக்கொண்டால் பதிவு இப்படி இருக்கும்:

```
2022-03-20,101.40,2022-03-20T06:20+05:30,confirmed
2022-03-21,,2022-03-21T06:20+05:30,fetch_failed
2022-03-22,102.16,2022-03-22T06:20+05:30,changed
```

முதல் வரி, பார்த்தோம், அதே விலைதான் என்கிறது. இரண்டாவது, பார்க்கப் போனோம், முடியவில்லை என்கிறது. அதனால் விலைக்குரிய இடம் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. அந்த இடத்தில் 101.40 என்று நிரப்பியிருந்தால் எண் சரியாகவே இருந்திருக்கும்; பதிவு மட்டும் பொய்யாகியிருக்கும். மறுநாளோ அடுத்த வாரமோ 21ஆம் தேதியின் விலை உறுதியாகத் தெரியவரும்போது அந்த வெற்றிடத்தை நிரப்பிக்கொள்ளலாம். ஆனால் ஊகத்தால் நிரப்பிய எண்ணையும் பார்த்து எழுதிய எண்ணையும் பின்னாளில் பிரித்தறிய எந்த வழியும் இருக்காது.

பார்த்த நேரத்தை எழுதுவதில் இந்திய விலைக்கே உரிய ஒரு நுணுக்கம் உண்டு. விலை காலை 6 மணிக்கு மாறுகிறது. நள்ளிரவுக்கும் 6 மணிக்கும் இடையே நேற்றைய விலைதான் ஆட்சியில் இருக்கிறது. நள்ளிரவு 12.05க்கு ஓடும் நிரல் நேற்றைய விலையை எடுத்து இன்றைய தேதியில் எழுதிவிடும். வரைபடம் முழுவதுமே ஒருநாள் தள்ளிப்போகும். விலை மாறாத மாதங்களில் இதுவும் கண்ணுக்குத் தெரியாது. வாடகைக் கணினிகள் பெரும்பாலும் கிரீன்விச் நேரத்தில் ஓடுவதால், இந்திய நேரம் காலை 6.20 என்பதை அவற்றில் 0.50 என்று குறிக்க வேண்டும்:

```
50 0 * * *
```

ஆறு மணிக்கே ஓடாமல் இருபது நிமிடம் தள்ளி ஓடுவது, மூல இடத்தில் புதிய எண் ஏறுவதற்கான அவகாசம். அப்போதும் பழைய தேதியே தென்பட்டால் ஒருமணி நேரம் கழித்து இன்னொரு முறை பார்ப்பது நல்லது.

நிரல் உயிரோடு இருக்கிறதா என்பதை எச்சரிக்கை மணி வைத்துக் கண்காணிக்கலாம். ஆனால் மணியை எதில் கட்டுவது என்பதில் பலர் தவறுகிறார்கள். ஏழு நாள்களாக எண் மாறவில்லையென்றால் எச்சரிக்கை அனுப்பு என்று அமைப்பது இயல்பாகத் தோன்றும் யோசனை. 2021 நவம்பரில் அப்படி அமைத்திருந்தால் பதினொன்றாம் தேதியிலிருந்து நான்கு மாதத்துக்கு மேல் நாள்தோறும் மணி அடித்துக்கொண்டே இருந்திருக்கும். பொய்யாக அடிக்கும் மணியை இரண்டாம் வாரத்திலேயே யாராவது அணைத்துவிடுவார்கள். உண்மையான கோளாறு வரும்போது அடிக்க ஒன்றும் இருக்காது. மணியை விலையில் கட்டாமல் தேதியில் கட்ட வேண்டும். மூல இடம் தன் பக்கத்தில் அச்சிடும் தேதி நேற்றையதாகவே நிற்கிறதா, நம் பதிவேட்டில் கடைசியாக ‘உறுதியானது’ என்று எழுதிய நேரம் ஒன்றரை நாளைத் தாண்டிவிட்டதா என்ற இரண்டு கேள்விகளே போதும்.

மூல இடம் தேதியே அச்சிடாமல் எண்ணை மட்டும் காட்டும் இடமாக இருந்தால் வேறொரு சாட்சி தேவைப்படும். சென்னை விலை உறைந்திருந்த அதே காலத்தில், 2021 டிசம்பர் 2ஆம் தேதி டெல்லி அரசு மதிப்புக் கூட்டு வரியைக் குறைத்ததால் டெல்லியில் பெட்ரோல் விலை ஏறத்தாழ எட்டரை ரூபாய் இறங்கி 95.41 ஆனது. சென்னையோடு டெல்லியையும் இன்னும் சில நகரங்களையும் அதே மூலத்திலிருந்து எடுக்கும் நிரல், ஏதோ ஓரிடத்தில் அசைவு தெரிவதை வைத்து மூலம் உயிரோடு இருப்பதை அறிந்துகொள்ளும். எல்லா நகரங்களும் ஒரே சமயத்தில் நெடுநாள் அசையாமல் நின்றால் மட்டும் ஒரு மனிதர் போய்ப் பார்த்துவர வேண்டும்.

கச்சா எண்ணெய்க்கு வந்தால் நிலைமை தலைகீழாகிவிடுகிறது. பங்க் விலையில் நேர்மையாக இருந்த அதே செயல் இங்கே தவறாகிறது. அமெரிக்காவின் டபிள்யூ.டி.ஐ. கச்சா எண்ணெய்க்கு ஒக்லஹோமா மாநிலத்தின் குஷிங் நகரை மையமாகக் கொண்டு நாளொரு உடனடிச் சந்தை விலை உண்டு. அதை அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் தொகுத்து வெளியிடுகிறது. செயின்ட் லூயிஸ் பெடரல் ரிசர்வ் வங்கியின் ‘பிரெட்’ தரவுத்தளம் `DCOILWTICO` என்ற பெயரில் அதே எண்களைத் தருகிறது. சனி, ஞாயிறுகளில் இந்தச் சந்தை இல்லை. புனித வெள்ளி போன்ற விடுமுறைகளிலும் இல்லை. அன்று யாரும் எந்த விலைக்கும் வாங்கவோ விற்கவோ செய்யாததால், அன்றைக்கு விலை என்ற ஒன்றே கிடையாது. பங்க் விலை ஞாயிறன்றும் செல்லும். சந்தை விலை ஞாயிறன்று இருப்பதே இல்லை.

வார நாளில் வரும் விடுமுறையைப் பிரெட் தரவுத்தளம் ஒரு புள்ளியால் குறிக்கிறது. 2020ஆம் ஆண்டின் புனித வெள்ளி ஏப்ரல் 10. அந்த நாளுக்கு நேரே எண்ணுக்குப் பதிலாக `.` என்று மட்டும் இருக்கும். எண்ணை எதிர்பார்க்கும் நிரல் இந்தப் புள்ளியைக் கண்டு நின்றுபோனால்கூட நல்லதுதான். கோளாறு உடனே தெரிந்துவிடும். அதைச் சுழியமாக எடுத்துக்கொள்ளும் நிரல்தான் ஆபத்தானது. கோடு ஒருநாள் தரையில் விழுந்து மறுநாள் எழுந்து நிற்கும். பார்ப்பவர் எண்ணெய் இலவசமாகக் கிடைத்ததாக எண்ணிவிடுவார்.

அப்படி விழும் கோடு தவறு என்று முடிவுகட்டி, சுழியமும் அதற்குக் கீழுள்ள எண்களும் வந்தால் ஒதுக்கிவிட்டு முந்தைய நாள் விலையைப் போடு என்று நிரலுக்குக் கட்டளையிடுவது அடுத்த தவறு. புனித வெள்ளிக்குப் பத்து நாள் கழித்து, ஏப்ரல் 20ஆம் தேதி திங்கள்கிழமை, வரலாற்றில் இல்லாதபடி அந்த விலை உண்மையிலேயே சுழியத்துக்குக் கீழே போனது. பெருந்தொற்றால் உலகமே முடங்கியிருந்தது. குஷிங்கின் சேமிப்புத் தொட்டிகளில் இடம் ஏறக்குறைய தீர்ந்திருந்தது. மே மாத முன்பேர ஒப்பந்தம் முடியவிருந்த நேரத்தில், எண்ணெயை ஏற்றுக்கொள்ள இடமில்லாதவர்கள் எதிரே இருப்பவருக்குப் பணம் கொடுத்து அதைத் தள்ளிவிட்டார்கள். முன்பேரச் சந்தையில் அந்த ஒப்பந்தம் மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. உடனடிச் சந்தை விலையாக நிர்வாகம் பதிந்தது மைனஸ் 36.98. சுழியத்துக்குக் கீழே வரும் எண்ணை நம்பாதே என்று எழுதப்பட்ட நிரல் அன்று வெள்ளிக்கிழமை விலையான 18.31ஐயே மீண்டும் காட்டியிருக்கும். சந்தை விலையில் ‘இல்லை’ என்பதற்கு எண் வடிவமே கூடாது என்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை. இல்லை என்றால் வெற்றிடம். சுழியமோ மைனஸோ வந்தால் அதுவும் ஒரு விலை.

இதே சில நாள்கள், விடுமுறை நாள்களை நிரப்புவதால் கணக்கு எவ்வளவு கெடும் என்பதையும் காட்டுகின்றன. வெள்ளி ஏப்ரல் 17இல் விலை 18.31, திங்கள் ஏப்ரல் 20இல் மைனஸ் 36.98, செவ்வாய் ஏப்ரல் 21இல் 8.91. சந்தை நடந்த மூன்று நாள்களின் சராசரி மைனஸ் 3.25 டாலர். சனிக்கும் ஞாயிறுக்கும் வெள்ளிக்கிழமை விலையை நீட்டி ஐந்து நாளாகக் கணக்கிட்டால், 18.31 மூன்று முறை எண்ணப்பட்டு, சராசரி பிளஸ் 5.37 ஆகிவிடும். எண் மட்டும் மாறவில்லை, அதன் குறியே மாறிவிட்டது. சாதாரண வாரங்களில் பிழை இவ்வளவு பெரிதாக இருக்காது. ஆனால் வெள்ளிக்கிழமைக்கு மும்மடங்கு எடை கொடுக்கும் இந்தச் சாய்வு ஒவ்வொரு வாரமும் இருந்துகொண்டேதான் இருக்கும். முப்பது நாள் சராசரி என்று வரைபடங்களில் ஓடும் மெல்லிய கோடு பல இடங்களில் இப்படிக் கணக்கிடப்பட்டதுதான். சந்தை விலைக்கு முப்பது சந்தை நாள்கள் என்றும், பங்க் விலைக்கு முப்பது நாட்காட்டி நாள்கள் என்றும் தனித்தனியாக எண்ண வேண்டும்.

நிரப்பாமல் விட்டு, வெள்ளியையும் திங்களையும் நேர்க்கோட்டால் இணைத்தால் என்ன ஆகும்? கோடு நாளொன்றுக்கு 18.43 டாலர் வீதம் இறங்கும். சனிக்கிழமை சுழியத்துக்குச் சற்றுக் கீழேயும், ஞாயிறு மைனஸ் 18.55இலும் இருப்பதாகத் தெரியும். விடுமுறையின் போதே விலை சரிந்துவிட்டதாக ஒரு கதையைக் கோடு சொல்லும். உண்மையில் சரிவு முழுவதும் திங்கள்கிழமை ஒரே நாளில் நிகழ்ந்தது. ஆண்டுக்கணக்கில் விரியும் வரைபடத்தில் இரண்டு நாள் இணைப்பு யாரையும் ஏமாற்றாது, அதனால் அங்கே இணைத்துவிடுவதில் தவறில்லை. ஒரு மாதத்தைப் பெரிதாக்கிக் காட்டும் வரைபடத்தில் ஒவ்வொரு சந்தை நாளுக்கும் ஒரு புள்ளி வைத்து, இணைப்புக் கோட்டை மெல்லியதாக்கி, விரல் வைத்தால் புள்ளி உள்ள நாள்களுக்கு மட்டும் எண் தெரியும்படி செய்வதே நேர்மை. வார இறுதிகளைக் கிடையச்சிலிருந்தே நீக்கிவிடும் முறையும் உண்டு. நிதிச் சந்தை வரைபடங்களில் அது வழக்கம். பங்க் விலையையும் கச்சா விலையையும் ஒரே படத்தில் காட்டும்போது மட்டும் அந்த வழி அடைபடுகிறது, ஏனென்றால் ஒன்றுக்கு ஞாயிறு உண்டு, மற்றதற்கு இல்லை.

மூன்றாவது நிலை, விலை இருக்கிறது ஆனால் இன்னும் வெளிவரவில்லை என்பது. அமெரிக்க நிர்வாகத்தின் உடனடிச் சந்தை விலைகள் நாளொரு விலைகளாக இருந்தாலும் வாரம் ஒருமுறைதான் தொகுப்பாக வெளிவருகின்றன. நாள்தோறும் போய்ப் பார்க்கும் நிரல் வாரத்தின் பெரும்பாலான நாள்களில் வெறுங்கையோடு திரும்பும். அது கோளாறு அல்ல. நல்லவேளையாக, அந்தப் பக்கங்களில் வெளியீட்டுத் தேதியும் அடுத்த வெளியீட்டுத் தேதியும் `Release Date`, `Next Release Date` என்று அச்சிடப்பட்டிருக்கின்றன. நிரல் விலையை எடுக்கும்போதே இந்த இரண்டாவது தேதியையும் எடுத்து வைத்துக்கொண்டால் எதிர்பார்ப்பு தெளிவாகிவிடும். அந்தத் தேதிக்கு முன் புதிதாக ஒன்றும் இல்லையென்றால் அமைதியாக இருக்கலாம். அந்தத் தேதி கடந்தும் பழையதே இருந்தால்தான் மணி அடிக்க வேண்டும். திங்கள்கிழமை அரசு விடுமுறை வந்தால் வெளியீடு ஒருநாள் தள்ளிப்போவது வழக்கம். அச்சிட்ட தேதியை நம்பும் நிரலுக்கு அமெரிக்க விடுமுறைப் பட்டியலை மனப்பாடம் செய்யும் தொல்லை இல்லை.

வெளியிடுபவரே தவறும் காலமும் வரும். 2022 ஜூனில் மின்னழுத்தக் கோளாறால் அந்த நிர்வாகத்தின் கணினிகள் பழுதாகி, வாராந்தரப் பெட்ரோலிய நிலை அறிக்கை உரிய நாளில் வரவில்லை. எண்ணெய்ச் சந்தை முழுவதும் எதிர்பார்த்திருந்த அறிக்கை அது. விடுபட்ட வாரத்தின் விவரமும் அடுத்த வாரத்தின் விவரமும் சேர்ந்து ஜூன் 29ஆம் தேதி வெளிவந்தன. மூலத்தின் கடைசி வரியை மட்டும் எடுக்கும் நிரல்கள் இத்தகைய நாளில் மாட்டிக்கொள்கின்றன. கடைசி வரி புதிய வாரத்துடையது. நடுவில் வந்து சேர்ந்த முந்தைய வாரத்தை அவை என்றைக்குமே பார்ப்பதில்லை. கோட்டில் நிரந்தரமாக ஒரு ஓட்டை விழுகிறது, அல்லது யாரும் கவனிக்காத ஒரு நேர்க்கோடு அதை மூடிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் கடைசி இரண்டு மாதத்து வரிகளை முழுமையாக எடுத்து, தேதிக்குத் தேதி பொருத்திப் பார்த்து, இல்லாததைச் சேர்த்து, திருத்தப்பட்டதை மாற்றுவதுதான் பாதுகாப்பான வழி. எண்கள் சில கிலோபைட்டுதான். அதை மிச்சப்படுத்தி ஆகப்போவது ஒன்றுமில்லை. முன்பு வெளியிட்ட எண்ணை மூலமே பின்னால் திருத்தும் நேரங்களிலும் இதே பழக்கம் காப்பாற்றும்.

நான்காவது நிலையான இணைப்புக் கோளாறைப் பிரித்தறிய, மூல இடத்தின் கணினி அனுப்பும் விடை எண் உதவுகிறது. `304` என்றால், நீ கடைசியாகப் பார்த்தபின் எதுவும் மாறவில்லை என்று மூலமே உறுதிசெய்கிறது. இதை உயிருள்ள சாட்சியாகப் பதியலாம். `503` என்றால் அந்தக் கணினி இப்போது பதில் தரும் நிலையில் இல்லை. விலையைப் பற்றி எதுவும் தெரியாது. எல்லாம் சரி என்று பொருள்படும் `200`தான் சில நேரம் ஏமாற்றும். பராமரிப்புப் பணி நடக்கிறது என்ற அறிவிப்புப் பக்கத்தையும் சில தளங்கள் இதே எண்ணோடுதான் அனுப்புகின்றன. நிரல் அந்த அறிவிப்பில் உள்ள தொலைபேசி எண்ணையோ ஆண்டையோ விலையாக எடுத்துக்கொண்டால் பெட்ரோல் லிட்டர் 2,022 ரூபாய் ஆகிவிடும். எதிர்பார்த்த தலைப்புகளும் தேதிப் பத்தியும் இருக்கின்றனவா என்று முதலில் பார்த்து, இல்லையென்றால் எண்ணைத் தேடாமலே திரும்ப வேண்டும்.

இவ்வளவும் பதிவேட்டில் ஒழுங்காக இருந்தாலும், பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது கோடும் அதன் அருகே உள்ள ஒரு வரியும்தான். அந்த வரியில் பெரும்பாலும் ‘இன்று புதுப்பிக்கப்பட்டது’ என்று இருக்கிறது. அது நிரல் ஓடிய நேரம். விலையின் நேரம் அல்ல. எட்டு நாள் பழைய விலையின் மேலே இன்றைய தேதியை ஒட்டுவதற்கு அது சமம். இரண்டு தேதிகளையும் தனித்தனியே எழுதினால் குழப்பமே இல்லை: ‘ஏப்ரல் 17 விலை, ஏப்ரல் 19 காலை பார்த்தபோது புதிய விலை வரவில்லை’ என்று. இணைப்பு அறுந்த நாளில் ‘இரண்டு நாளாக மூலத்தை எட்ட முடியவில்லை’ என்று வெளிப்படையாகவே சொல்லலாம். பார்ப்பவர் கோபிக்க மாட்டார். வண்டிக்கு எண்ணெய் போட்டபிறகு வேறு விலை என்று கண்டால்தான் கோபிப்பார்.

விலைக்கு அருகே சிவப்பிலோ பச்சையிலோ காட்டும் ‘இன்றைய மாற்றம்’ என்ற எண்ணுக்கும் இதே விதி பொருந்தும். பங்க் விலை உறுதிசெய்யப்பட்டு மாறாமல் இருந்தால் 0.00 என்பது உண்மையான விடை. கச்சா எண்ணெய்க்கு ஞாயிறன்று 0.00 என்று காட்டுவது, சந்தை நடந்தும் விலை அசையவில்லை என்று பொருள்படும். அங்கே ஒரு சிறு கோடோ ‘சந்தை விடுமுறை’ என்ற சொல்லோ வர வேண்டும்; திங்கள்கிழமை மாற்றத்தை வெள்ளிக்கிழமை விலையிலிருந்து கணக்கிட்டு, எந்த நாளோடு ஒப்பிட்டது என்பதையும் பக்கத்தில் எழுத வேண்டும். கோட்டின் நுனியிலும் இதே கவனம் தேவை. உறுதிசெய்யப்பட்ட கடைசி நாள் வரை அழுத்தமான கோடும், அதற்குப் பிறகு பங்க் விலைக்கு மட்டும் இன்றைய நாள் வரை புள்ளிக்கோடும் வரையலாம். சந்தை விலைக்கோ கோடு கடைசிப் புள்ளியிலேயே நின்றுவிட வேண்டும். வலப்பக்கம் வெறுமையாகத் தெரிந்தாலும் அந்த வெறுமையை அப்படியே விட வேண்டும்.